பச்சையம் ஏன் எப்போதும் சிவப்பாகவே ஒளிர்கிறது?

பசலைக்கீரை இலைகள் நாலைந்தைக் கசக்கி, மருந்துக்கடை ஸ்பிரிட்டில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு வடிகட்டினால் அடர்பச்சையாக ஒரு சாறு கிடைக்கும். அறையை இருட்டாக்கி, ரூபாய் நோட்டுகளைச் சோதிக்கும் புறஊதா டார்ச்சை அதன் மேல் அடியுங்கள். கண்ணாடிக் குவளையைப் பக்கவாட்டில் இருந்து பார்க்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது பச்சையாகத் தெரிந்த அதே சாறு, இப்போது ரத்தச் சிவப்பாக ஒளிரும். ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் புரூஸ்டர் 1833இல் இலைச்சாற்றில் கண்டு வியந்தது இந்தச் சிவப்பைத்தான்.

புறஊதா டார்ச்சை வைத்துவிட்டு நீல எல்.இ.டி. விளக்கை அடித்துப் பாருங்கள். அப்போதும் அதே சிவப்புதான். உள்ளே போகும் ஒளி மாறுகிறது, வெளியே வரும் ஒளி மாறவில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். எந்த நிற ஒளி தன்னைத் தூண்டியது என்பதையே அந்த மூலக்கூறு மறந்துவிடுகிறது.

பச்சையம் ஒளியை முக்கியமாக இரண்டு இடங்களில் உறிஞ்சும். ஒன்று நீலத்தில், சுமார் 430 நானோமீட்டர் அலைநீளத்தில். மற்றொன்று சிவப்பில், சுமார் 665 நானோமீட்டரில். அலைநீளம் குறையக் குறைய ஒளித்துகளின் ஆற்றல் கூடும். நீல ஒளித்துகளிடம் ஏறக்குறைய 2.9 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உண்டு, சிவப்பு ஒளித்துகளிடம் 1.9 தான். ஆகவே சிவப்பு ஒளி மூலக்கூறின் எலக்ட்ரானை முதல் கிளர்வு நிலைக்கு ஏற்றுகிறது. நீலம் அதற்கும் மேலே உள்ள நிலைக்குத் தூக்கிவிடுகிறது.

மேலே ஏறிய மூலக்கூறு அங்கிருந்தே நேராகக் கீழே விழுந்தால் நீல ஒளிதான் வர வேண்டும். அது வராததற்குக் காரணம் நேரம். மேல்நிலையிலிருந்து முதல் கிளர்வு நிலைக்கு இறங்க, ஒரு விநாடியை ஒரு லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூட ஆவதில்லை. ஒளியாக உமிழ்வதோ அவ்வளவு விரைவான காரியம் இல்லை. முதல் நிலையை அடைந்த பச்சைய மூலக்கூறு, கரைசலில் ஐந்தாறு நானோவிநாடி அங்கே தங்கியிருக்கும். இறங்குவதற்கு ஆகும் நேரத்தைப்போல் இது பல்லாயிரம் மடங்கு. நீல ஒளியை உமிழ மூலக்கூறுக்கு அவகாசமே கிடைப்பதில்லை. அறவே உமிழாது என்று சொல்ல முடியாது. ஆனால் அது மிகமிகச் சொற்பம், சாதாரணக் கருவிக்கு அகப்படாது.

சரி, மேலே அவ்வளவு அவசரப்படும் மூலக்கூறு முதல் நிலைக்கு வந்ததும் ஏன் நின்றுவிடுகிறது? மூலக்கூறில் அணுக்கள் சும்மா இருப்பதில்லை, ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. எலக்ட்ரானின் ஆற்றல் இந்த அதிர்வுகளுக்குள் புகுந்து வெப்பமாகக் கரைய முடியும். மேல்நிலைகள் ஒன்றையொன்று நெருங்கியவை. ஒன்றின் அதிர்வுப் படிகள் அடுத்ததன் படிகளோடு கலந்து கிடப்பதால் ஆற்றல் எளிதாகக் கை மாறுகிறது. முதல் கிளர்வு நிலைக்கும் அடிநிலைக்கும் நடுவிலோ பெரிய இடைவெளி. வயல் வாய்க்காலை ஒரே எட்டில் தாண்டுகிறவன் ஆற்றங்கரைக்கு வந்ததும் நின்றுதானே ஆக வேண்டும்? அந்த இடைவெளியை அதிர்வுகளாலேயே கடக்க வேண்டுமென்றால் பல அதிர்வுகள் ஒரே நேரத்தில் ஆற்றலை வாங்கிக்கொள்ள வேண்டும். அது அரிதாகவே நடக்கும். அந்தத் தாமதத்தில்தான் ஒளிக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. அப்போதும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மூலக்கூறுகளே ஒளிர்கின்றன, மற்றவை வேறு வழிகளில் இறங்கிவிடுகின்றன.

அமெரிக்க வேதியியலாளர் மைக்கேல் காஷா 1950இல் இதை விதியாக வகுத்தார். எந்த நிலைக்கு ஏற்றினாலும், கண்டறியக்கூடிய அளவில் ஒளி வருவது மிகத் தாழ்ந்த கிளர்வு நிலையிலிருந்துதான் என்பது காஷா விதி.

இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. 665 நானோமீட்டர் சிவப்பையே உள்ளே அனுப்பி முதல் நிலைக்கு மட்டும் ஏற்றினால், அதே 665 திரும்பி வருமா? வராது. உமிழும் ஒளி சில நானோமீட்டர் தள்ளி, 670ஐத் தாண்டி நிற்கும். பச்சையத்தில் இந்த விலகல் சிறியது. இதைப் பெரிதாகப் பார்க்க வேண்டுமானால் கொய்னாவுக்குப் போக வேண்டும்.

மலேரியாவுக்குக் கொடுத்த அதே கசப்பு மருந்துதான். டானிக் வாட்டரில் இன்றும் சிறிதளவு சேர்க்கிறார்கள். 1852இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ், சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, கொய்னா கரைசல் இருந்த குழாயை அந்த நிறங்களின் ஊடே நகர்த்திக்கொண்டே போனார். சிவப்பு, பச்சை எதிலும் ஒன்றும் நடக்கவில்லை. ஊதாவின் ஓரத்தைத் தாண்டி, கண்ணுக்கு எதுவுமே தெரியாத இருட்டுக்குள் குழாயைக் கொண்டுபோனபோது அது நீலமாக ஒளிர்ந்தது. வெளிவரும் ஒளி, உள்ளே போனதைவிட நீண்ட அலைநீளம் கொண்டது என்று அவர் நிறுவினார். அதனால்தான் இந்த விலகலுக்கு அவர் பெயர்.

கொய்னா 350 நானோமீட்டரில் உறிஞ்சி 450இல் உமிழும். அதாவது வாங்கிய 3.5 எலக்ட்ரான் வோல்ட்டில் 2.8ஐத்தான் ஒளியாகத் திருப்பித் தருகிறது. மீதி எங்கே போனது? ஒளியை உறிஞ்சும் கணத்தில் எலக்ட்ரான் மட்டுமே இடம் மாறுகிறது. அணுக்கள் கனமானவை, அந்த வேகத்துக்கு அவற்றால் அசைய முடியாது. எலக்ட்ரான்களின் பரவல் மாறியபின்தான் அணுக்களும், சுற்றியிருக்கும் தண்ணீர் மூலக்கூறுகளும் புதிய நிலைமைக்கு ஏற்றபடி நகர்ந்து, திரும்பி, அமைகின்றன. இதில் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகப் போகிறது. பிறகு ஒளியை உமிழ்ந்து எலக்ட்ரான் கீழே விழும்போதும் அதே கதைதான். இப்போதைய அமைப்பு அடிநிலைக்குப் பொருந்தாது. ஆகவே மூலக்கூறு அதிர்ந்தபடியே வந்து இறங்குகிறது, மறுபடி அடங்கும்போது இன்னும் கொஞ்சம் வெப்பம். இப்படி மேலேயும் ஒரு இழப்பு, கீழேயும் ஒரு இழப்பு. பச்சையத்தின் வளையம் விறைப்பானது, கிளர்ந்தாலும் அதிகம் உருமாறாது. அதனால்தான் அங்கே விலகல் சிறிதாக இருக்கிறது.

நீண்ட அலைநீளத்துக்குத் தள்ளி வருவதெல்லாம் இப்படிப்பட்ட ஒளிர்வு என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். 1923இல் கல்கத்தாவில், சி. வி. ராமனிடம் பணியாற்றிய கே. ஆர். ராமநாதன், தண்ணீர் ஒளியைச் சிதறடிக்கும்போது நிறம் மாறிய மங்கலான ஒரு ஒளியும் சேர்ந்து வருவதைக் கண்டார். மாசு ஒளிர்கிறது என்று எண்ணி, மறுபடி மறுபடி சுத்திகரித்தும் அது போகவில்லை. 1928இல் ராமன் விளைவாக உலகம் அறிந்தது அதைத்தான்.

இன்றும் ஆய்வகத்தில் இந்த இரண்டையும் பிரித்தறிய உதவுவது காஷா விதியே. மிகவும் நீர்த்த கொய்னா கரைசலை 350 நானோமீட்டரில் தூண்டினால், 450இல் அகன்ற மேடு ஒன்றும் 397க்கு அருகில் சின்ன முகடு ஒன்றும் தெரியும். தூண்டும் ஒளியை 330க்கு மாற்றுங்கள். 450இல் இருந்த மேடு அசையாது. சின்ன முகடு மட்டும் 372க்கு நகர்ந்துவிடும். நகர்வது தண்ணீரின் ராமன் சிதறல், நகராதது ஒளிர்வு. அகன்ற மேடே இடம் மாறினால், குப்பியில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் இருக்கிறதோ என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

விதியை மீறுபவையும் உண்டு, அவற்றுள் பேர்போனது அசுலீன் என்ற நீலநிறச் சேர்மம். இதில் முதல் கிளர்வு நிலை அடிநிலைக்கு வழக்கத்தைவிட நெருங்கி இருக்கிறது. ஆகவே அங்கே வந்த மூலக்கூறு ஒளிராமலேயே மளமளவென்று கீழே இறங்கிவிடும். இரண்டாம் நிலைக்கும் முதல் நிலைக்கும் இடையில்தான் பெரிய இடைவெளி. எனவே அது நிற்பதும் அங்கேதான், ஒளிர்வதும் அங்கிருந்துதான், சுமார் 375 நானோமீட்டரில். 1955இல் பீரும் லாங்கட்-ஹிக்கின்ஸும் இதை அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு, ஜி. விஸ்வநாத் என்பவருடன் சேர்ந்து அதைச் சோதித்து உறுதி செய்தவர் காஷாவேதான்.