பில் வந்துவிட்டது, பணம் கொடுக்கலாமா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்ணின் மேசைக்கு ஒரு நூல் மில்லின் பில் வருகிறது. 30-ஆம் நம்பர் நூல், 1,000 கிலோ, கிலோ 306 ரூபாய். 5 சதவீத ஜி.எஸ்.டி.யோடு மொத்தம் 3,21,300 ரூபாய். பெருக்கிப் பார்த்தால் கணக்கு சரி. மில்லின் ஜி.எஸ்.டி. எண்ணும் சரி.

ஆனாலும் இந்தப் பில்லை இப்படியே பாஸ் செய்துவிடக் கூடாது. பில்லில் இருப்பது முழுக்க விற்றவர் சொல்லும் கணக்கு. கம்பெனி கேட்டது எவ்வளவு, குடோனில் இறங்கியது எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் வேறு இரண்டு தாள்களில் இருக்கிறது. அந்த மூன்றையும் வரிக்கு வரி ஒப்பிடுவதைத்தான் கணக்குத் துறையில் ‘த்ரீ வே மேட்சிங்’ என்கிறார்கள்.

முதல் தாள் பர்ச்சேஸ் ஆர்டர், சுருக்கமாக பி.ஓ. எந்தச் சரக்கு, எவ்வளவு, என்ன விலைக்கு என்று கொள்முதல் பிரிவு எழுதிக் கொடுத்தது. இரண்டாவது, சரக்கு இறங்கியதும் குடோனில் போடும் வரவுச் சீட்டு, ஜி.ஆர்.என். என்பார்கள். மூன்றாவதுதான் பில். பி.ஓ. போடுபவர் சரக்கை இறக்குவதில்லை, இறக்குபவர் பணம் கொடுப்பதில்லை. தவறோ தில்லுமுல்லோ யாருக்கும் தெரியாமல் நுழைய வேண்டுமானால், மூன்று இடத்திலும் ஒரே மாதிரி நுழைய வேண்டும். இந்த ஏற்பாட்டின் பலம் அதில்தான் இருக்கிறது.

நம் நூல் கணக்குக்கு வருவோம். பி.ஓ.வை எடுத்தால் 1,000 கிலோ, கிலோ 300 ரூபாய் என்றிருக்கிறது. விலையில் 6 ரூபாய் உதைக்கிறது. ஜி.ஆர்.என்.னில் வந்தது 20 மூட்டை, ஏற்றுக்கொண்டது 19 மூட்டை, 950 கிலோ. அளவிலும் 50 கிலோ குறைகிறது.

இப்போது யாரைக் கேட்பது? அளவு இடித்தால் குடோன், விலை இடித்தால் கொள்முதல் பிரிவு. இந்த வரிசை தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம். குடோனுக்குப் போன் போட்டால், “ஆமாங்க, ஒரு மூட்டை நனைஞ்சு வந்துச்சு. அதே வண்டியில திருப்பி அனுப்பிட்டோமுங்க” என்கிறார் ஸ்டோர்கீப்பர். திருப்பி அனுப்பியதற்கான சீட்டையும் காட்டுகிறார். கொள்முதல் பிரிவில் கேட்டால், மில் விலை ஏற்றியது உண்மைதான், ஆனால் இந்த ஆர்டர் அதற்கு முன்பே போட்டது, எனவே 300 ரூபாய்தான் என்கிறார்கள். ஒருவேளை 306-க்கு அவர்கள் ஒப்புக்கொண்டிருந்தால், அனுமதி வாங்கி பி.ஓ.வை அவர்களே திருத்தித் தர வேண்டும். கணக்குப் பிரிவில் இருப்பவர் தானாக அந்த எண்ணில் கை வைக்கக் கூடாது.

ஆக, கொடுக்க வேண்டியது 950 கிலோவுக்கு 300 ரூபாய் வீதம் 2,85,000. ஜி.எஸ்.டி. 14,250 சேர்த்தால் 2,99,250 ரூபாய். பில்லுக்கும் இதற்கும் வித்தியாசம் 22,050. இதில் வராத மூட்டைக்குப் போட்டது வரியோடு 16,065. மீதி 5,985 விலை ஏற்றத்தால் வந்தது. இப்படிப் பிரித்து எழுதி அனுப்பினால் மில்லின் கணக்காளரும் சட்டென்று ஒப்புக்கொள்வார். வெறுமனே ‘தொகை தவறு’ என்று எழுதினால் கடிதம் இரண்டு தடவை போய் வரும்.

பில்லில் பேனாவால் அடித்துத் திருத்திவிட்டால் வேலை முடிந்துவிடாது. அந்தப் பில்லை மில் ஏற்கெனவே ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற்றியிருந்தால், வாங்கியவரின் GSTR-2B-யில் 15,300 ரூபாய் வரி வரவாகத் தெரியும். அதில் 1,050 ரூபாய் வராத சரக்குக்கும் ஒப்புக்கொள்ளாத விலைக்கும் உரியது. அதைச் சரிசெய்ய மில்தான் கிரெடிட் நோட் போட வேண்டும். நாம் போடும் டெபிட் நோட் நம் புத்தகத்தில் பாக்கியைக் குறைக்கும். மில்லின் வரிக் கணக்கை மாற்றாது.

கம்ப்யூட்டரில் இந்த ஒப்பீடு தானாகவே நடக்குமே என்று கேட்கலாம். நடக்கும். SAP போன்ற மென்பொருள்கள் எண்கள் இடித்தால் பில்லை நிறுத்தி வைத்துவிடும். ஆனால் குடோனில் எழுதிய எண் உண்மையா என்று எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது. நடைமுறையில் இந்த ஏற்பாடு உடைவது பெரும்பாலும் இங்கேதான். லாரி வந்து நிற்கிறது, டிரைவர் அவசரப்படுத்துகிறார், ஸ்டோர்கீப்பர் மூட்டைகளைத் தராசில் ஏற்றாமல் டெலிவரி சலானில் இருக்கும் 1,000 கிலோவை அப்படியே ஜி.ஆர்.என்.னில் எழுதிவிடுகிறார். அதன்பின் மூன்று தாளும் அழகாக ஒத்துப்போகும். சலானும் பில்லும் மில் கொடுத்தவை என்பதால், மில்லின் கணக்கை மில்லின் கணக்கோடுதான் ஒப்பிட்டிருப்போம்.

இதைக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்துகொண்டே மோப்பம் பிடிக்கலாம். பருத்தி நூல் காற்றின் ஈரத்தை இழுக்கும், வெயிலில் காய்ந்தால் எடை இழக்கும். அதனால் நிஜமாகவே எடை போட்டால் 49.8, 50.1 என்று சில்லறை எண்கள் வரும். மாதக்கணக்கில் ஒவ்வொரு சீட்டிலும் பில்லில் உள்ள அதே முழு எண் வந்தால், தராசு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஜி.ஆர்.என். தேதி பில் வந்த பிறகு இருந்தாலும், பி.ஓ. தேதியே பில் தேதிக்குப் பிந்தியிருந்தாலும் நின்று கேட்க வேண்டும். சில கம்பெனிகளில் குடோனுக்குப் போகும் பி.ஓ. நகலில் அளவை மறைத்தே அனுப்புகிறார்கள். அப்போது பி.ஓ.வைப் பார்த்து அளவை எழுத வழியில்லை.

அதற்காக ஒவ்வொரு கிராமுக்கும் பில்லை நிறுத்தினால் எந்த மில்லுக்கும் பணம் போகாது. அரை சதவீதம் வரை எடை வித்தியாசத்தை விட்டுவிடலாம் என்பதுபோல ஒரு வரம்பை நிர்வாகம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். வித்தியாசம் எப்போதும் விற்றவருக்குச் சாதகமாகவே, வரம்பின் ஓரத்தை ஒட்டியே வந்தால் அதை மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும்.

மூன்று தாளும் பொருந்தினாலும் பிடிபடாதவை உண்டு. பி.ஓ.விலேயே சந்தை விலையைவிட அதிகம் போட்டிருந்தால் தெரியாது. நூல் தரம் குறைந்ததா என்பதும் தெரியாது. அதற்குத் தரப் பரிசோதனை அறிக்கை வேண்டும். ஒரே பில் ஒரு தடவை 457 என்றும் இன்னொரு தடவை 0457 என்றும் பதிவானால் சில மென்பொருள்கள் இரண்டு பில் என்றே எடுத்துக்கொள்ளும். அந்த பி.ஓ.வில் இதுவரை வந்த மொத்தச் சரக்கையும் பில் ஆன மொத்தத்தையும் கூட்டிப் பார்த்தால் அது வெளிப்பட்டுவிடும்.

பில்லை நிறுத்தி வைத்தவர் நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். விற்றவர் குறு, சிறு தொழில் உற்பத்தியாளராகப் பதிவு பெற்றிருந்தால், 2006-ஆம் ஆண்டின் சட்டப்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளிலும், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் கூட்டு வட்டி உண்டு. சரக்கில் குறை இருந்தால், வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் இறங்கிய அன்றே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்த நனைந்த மூட்டையைப் பற்றிப் போனில் பேசிய கையோடு மில்லுக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்பி, அதன் நகலைப் பில்லோடு கோர்த்து வைக்க வேண்டியது அதனால்தான்.