1,700 வெள்ளியில் நான்கு கணக்கு

2025 பிப்ரவரி 1 முதல் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்கும் குறைவாக ஆள் வைத்திருக்கும் முதலாளிகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் அது கட்டாயமானது. ஜொகூரில் ஓர் அரசுப் பள்ளியில் குத்தகை நிறுவனத்தின் கீழ் துப்புரவு வேலை பார்ப்பவருக்கு அதுதான் தொடக்கச் சம்பளம். பெரும்பாலும் கடைசிச் சம்பளமும் அதுதான். பன்னிரண்டு வருஷமாக அதே வகுப்பறைகளைக் கூட்டுகிறவருக்கும் போன வாரம் வந்தவருக்கும் சம்பளச் சிலிப்பில் ஒரே எண்.

எண் ஒன்றாக இருப்பதால் தேவையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று குத்தகையாளர்கள் நினைத்துவிடுகிறார்கள். "இவங்களுக்கு என்ன வேணும்? காசுதான்" என்பது அவர்கள் பேச்சு. இந்த இடத்தில் உளவியலாளர் ஏப்ரகாம் மாஸ்லோ 1943இல் எழுதிய தேவைகளின் படிநிலை உதவும். உடலின் தேவை, பாதுகாப்பு, உறவு, மதிப்பு, தன்னிறைவு என்று அவர் ஐந்து படி வைத்தார். பாடப் புத்தகங்கள் போடும் பிரமிடு அவர் வரைந்ததல்ல. ஒரு படி முழுதாக நிறைந்த பிறகுதான் அடுத்தது தொடங்கும் என்றும் அவர் சொல்லவில்லை. விளக்கத்துக்காக அவரே போட்டுக் காட்டிய எண்கள் இவை: ஒரு சராசரி மனிதருக்கு உடல் தேவை 85 விழுக்காடும், பாதுகாப்பு 70, உறவு 50, மதிப்பு 40, தன்னிறைவு 10 விழுக்காடும் நிறைந்திருக்கலாம். அதாவது எல்லாப் படியிலும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சம் பாக்கி நிற்கிறது. யாருக்கு எந்தப் படியில் பாக்கி அதிகம் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

ஒரு பள்ளியில் நான்கு பேர் கொண்ட துப்புரவுக் குழுவை எடுத்துக்கொள்வோம். இந்த நால்வரும் கணக்குக்காக நான் நிறுத்தும் ஆட்கள். சம்பளம், பிடித்தம், விடுப்பு எண்கள் சட்டத்தில் உள்ளவை.

முதல் கணக்கு: கைக்கு வருவது

முதலாமவர் பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் தாய். அவர் சிலிப் இப்படி இருக்கும்:

- அடிப்படைச் சம்பளம்: 1,700.00
- ஊழியர் சேமநிதி, 11 விழுக்காடு: 187.00
- சொக்சோ: 8.25
- வேலைக் காப்புறுதி: 3.30
- கைக்கு வருவது: 1,501.45

ஒரு குடும்பத்துக்கான தேசிய வறுமைக் கோட்டு வருமானம் 2022 கணக்கின்படி 2,589 வெள்ளி. பிடித்தத்துக்கு முந்தைய 1,700ஐ வைத்துப் பார்த்தாலும் அதில் மூன்றில் இரண்டு பங்குதான் தேறுகிறது. எனவே இவருக்கு ஓட்டி முக்கியம். மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் நாள் சம்பளம் 65.38, எட்டு மணி நேர வேலையானால் மணிக்கு 8.17, ஒன்றரை மடங்கு ஓட்டி மணிக்கு 12.26. கூடுதலாக 200 வெள்ளி பார்க்க 16 மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும். பள்ளிக்கூட வேலையில் அவ்வளவு ஓட்டி எளிதில் கிடைக்காது.

இவருக்குச் சம்பளத் தேதியும் சம்பளம் அளவுக்கே முக்கியம். சட்டப்படி மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் வந்தாக வேண்டும். 7ஆம் தேதி வர வேண்டியது 14ஆம் தேதி வந்தால் தொகை குறையாது. ஆனால் அந்த ஒரு வாரம் வீட்டு வாடகைக்கும் பள்ளி வேன் காசுக்கும் கடன்தான். மாதா மாதம் 3ஆம் தேதி வாக்கில் முன்பணம் கேட்டு வருகிறவர் யார் என்று பார்த்தால் முதல் படியில் பாக்கி உள்ளவர் தெரிந்துவிடுவார்.

இரண்டாம் கணக்கு: நாளைக்கும் இருப்பது

இரண்டாமவருக்கு வயது ஐம்பத்தைந்துக்கு மேல். பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். பள்ளி மாறவில்லை, மாப்பும் வாளியும் மாறவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் குத்தகை நிறுவனம் மட்டும் நான்கு முறை கைமாறியது. ஒவ்வொரு முறையும் அவர் புது ஆள்.

புது ஆள் என்பதன் விலை என்ன? வேலைவாய்ப்புச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குக் குறைவான சேவைக்கு ஆண்டு விடுப்பு 8 நாள். ஐந்து வருஷத்தைத் தாண்டினால் 16 நாள். மருத்துவ விடுப்பிலும் 14க்கும் 22க்கும் இடையே அதே எட்டு நாள் வித்தியாசம். ஆண்டு விடுப்பில் மட்டும் இழப்பு 8 பெருக்கல் 65.38, வருஷத்துக்கு 523 வெள்ளி.

ஆட்குறைப்பு இழப்பீட்டில் வித்தியாசம் இன்னும் பெரிது. 1980ஆம் ஆண்டு விதிகளின்படி ஐந்து வருஷத்துக்கு மேல் சேவை செய்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம். பன்னிரண்டு வருஷத்துக்கு 240 நாள். இதற்கு நாள் சம்பளத்தை 365 நாளுக்குப் பிரித்துப் போடுவார்கள்; 55.89 வரும். மொத்தம் ஏறத்தாழ 13,410 வெள்ளி, கையில் வாங்கும் சம்பளத்தில் சுமார் ஒன்பது மாதம். குத்தகைக் காலம் முடிந்தது, வேலையும் முடிந்தது என்று காகிதத்தில் எழுதிவிட்டால் இந்தத் தொகை கைக்கு வராமலே போகிறது. மலேசிய சோசலிசக் கட்சியும் அதையொட்டி இயங்கும் அரசாங்க ஒப்பந்தத் தொழிலாளர் அமைப்பும் பல ஆண்டுகளாகக் குத்தகை முறையை எதிர்ப்பதற்கு இந்தத் தொடர்ச்சியின்மை ஒரு முக்கியக் காரணம்.

சேமநிதியிலும் இதே பயம் உண்டு. இவருடைய 187, முதலாளியின் 13 விழுக்காடான 221, இரண்டும் சேர்ந்து 408 வெள்ளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். சிலிப்பில் பிடித்தம் இருந்து KWSP i-Akaun செயலியில் அந்த மாதம் வெறுமையாக இருந்தால் பணம் போய்ச் சேரவில்லை என்று பொருள். மூன்று மாதம் விட்டுப்போனால் 1,224 வெள்ளி. செயலியை மாதந்தோறும் திறந்து பார்ப்பவர், குத்தகை முடிய ஆறு மாதம் இருக்கும்போதே "அடுத்த டெண்டர் யாருக்காம்?" என்று விசாரிப்பவர் இரண்டாம் படியில் நிற்பவர்.

மூன்றாம் கணக்கு: கூட இருப்பவர்கள்

மூன்றாமவருக்கு இந்தப் பள்ளியை விட்டுப் போக மனமில்லை. காலையில் பசியாறும்போது நால்வரும் சேர்ந்து உட்காருவார்கள்; ஒருவர் எம்.சி எடுத்தால் மற்ற மூவரும் அவர் கழிப்பறையையும் பார்த்துவிடுவார்கள். வீட்டுக்கு அருகில் இருக்கும் இன்னொரு பள்ளிக்கு மாற்றினால் எண்ணெய்க் காசு மிச்சம் என்றாலும் வேண்டாம் என்பார். மேற்பார்வையாளர் கண்ணுக்கு அது பிடிவாதம். உண்மையில் அவர் தன் மூன்றாம் படியைக் காப்பாற்றிக்கொள்கிறார்.

இந்தப் படியில் ஜொகூருக்கே உரிய ஒரு விஷயம் வார ஓய்வு. 2014 முதல் 2024 வரை இங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. கல்யாணம், கோயில் விசேஷம், உறவினர் வீட்டுக் காரியம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமையில் வரும். அன்று பள்ளி திறந்திருக்கும். எட்டு நாள் ஆண்டு விடுப்பில் எத்தனை கல்யாணத்துக்குப் போக முடியும்? 2025 ஜனவரி 1 முதல் மாநிலம் சனி, ஞாயிறுக்கு மாறியது. குத்தகையாளர் ஒரு சென் செலவழிக்காமல் இவருக்குக் கிடைத்த பெரிய லாபம் அது. ஞாயிறன்று பள்ளி நிகழ்ச்சிக்கு ஆள் கூப்பிடும்போது யாரை முதலில் கூப்பிடக் கூடாது என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

நான்காம் கணக்கு: மதிப்பு

நான்காமவர் இருபது வயதுக்காரர். ஜொகூர் பாருவில் இருந்து சிங்கப்பூருக்குக் கடற்பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். அந்தப் பக்கத்து ஒரு வெள்ளி இந்தப் பக்கம் மூன்று வெள்ளிக்கு மேல். 1,600 சிங்கப்பூர் வெள்ளி கிடைத்தால் இங்கே 4,800க்கும் கூடுதல். 100 வெள்ளி உயர்வு கொடுத்து அந்த இடைவெளியை எந்தக் குத்தகையாளராலும் அடைக்க முடியாது.

விடியாத நேரத்தில் எழுந்து சோதனைச் சாவடியில் நிற்பதற்குப் பதில் அவர் இங்கேயே இருக்கிறார் என்றால், இங்கே ஏதோ அவரைப் பிடித்து வைத்திருக்கிறது. இரசாயனம் கலக்கும் அளவு, தரை மெருகு இயந்திரம், பொருள் இருப்புப் பதிவு என்று அவருக்குப் பொறுப்புக் கொடுத்தால் நிற்பார். மாணவர்கள் முன்னால் ஒரு முறை திட்டு வாங்கினால் அந்த மாதமே போய்விடுவார். போகும்போது காரணம் "சம்பளம் பத்தல" என்றுதான் சொல்வார்; சம்பளம் அதற்கு முந்தைய மாதமும் அதேதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

முதலாளி பக்கத்துக் கூட்டல்

நால்வர் குழுவுக்கு மாதச் செலவு இப்படி வரும்:

- நால்வருக்கும் 100 வெள்ளி உயர்வு, சேமநிதி, சொக்சோ சேர்த்து: 460
- மூத்தவரின் பழைய சேவையை ஏற்றுக் கூடுதலாக 8 நாள் விடுப்பு: 44
- அவருக்கான 20 நாள் இழப்பீட்டுக்கு ஒதுக்கீடு: 93
- குழுவைக் கலைக்காமல் வைத்திருப்பது, ஞாயிறு ஓய்வு: 0
- இளைஞருக்குப் பொறுப்புப்படி 50 வெள்ளி, பிடித்தங்களுடன்: 57

கடைசி நான்கு வரியும் சேர்ந்து 194 வெள்ளி. முதல் வரியில் பாதிக்கும் குறைவு. அப்படியிருந்தும் டெண்டர் விலையை இறக்கும்போது முதலில் காணாமல் போவது இவைதான். குறைந்தபட்சச் சம்பளத்தைச் சட்டம் பிடித்து நிறுத்துகிறது. சேவைத் தொடர்ச்சிக்கும் குழுவுக்கும் மரியாதைக்கும் டெண்டரில் தனி வரி கிடையாது.

நால்வரையும் கூட்டி வைத்து "என்ன வேண்டும்?" என்று கேட்டால் நால்வரும் சம்பளம் என்பார்கள். மேற்பார்வையாளர் இல்லாத இடத்தில், தனித்தனியாக, மேலே உள்ள ஐந்து வரியையும் காட்டி ஒன்றை மட்டும் எடுக்கச் சொன்னால்தான் பதில் பிரியும். பிரிந்த பதிலும் நிரந்தரமல்ல. இரண்டாமவர் வீட்டில் யாராவது படுத்துவிட்டால் அடுத்த மாதமே அவர் முதல் படிக்கு இறங்கிவிடுவார். ஐந்து படியும் இதே வரிசையில்தான் இயங்கும் என்பதற்குச் சான்று குறைவு என்று வாபா, பிரிட்வெல் இருவரின் ஆய்வுத் தொகுப்பு 1976லேயே சொல்லிவிட்டது. ஆகவே மாஸ்லோவை ஆளுக்கு முத்திரை குத்தும் கருவியாக்காமல், கேள்விப் பட்டியலாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

194 வெள்ளியைக் காட்டி 460ஐ மறுப்பதும் தவறு. முதல் படியில் பாக்கி நிற்கும் தாய்க்குப் பாராட்டுச் சான்றிதழ் அரிசி ஆகாது. ஆனால் 460 தர வழியில்லை என்கிற குத்தகையாளர் 194ஐயும் தராமல் இருப்பதற்குப் பணத்தட்டுப்பாடு காரணமல்ல. அடுத்த டெண்டரில் பழைய தொழிலாளரின் சேவை ஆண்டுகளைப் புது நிறுவனம் ஏற்க வேண்டும் என்று கல்வி அமைச்சு ஒரு வரி சேர்க்கட்டும். பன்னிரண்டு வருஷம் கூட்டினவர் புது ஆளாவது அதோடு நிற்கும்.