இரண்டு நாள் ஷூட்டிங், கையில் 40,000 ரூபாய்

கல்லூரித் திரைப்படக் கழகங்கள் எழுதும் பட்ஜெட்டில் முதல் வரி பெரும்பாலும் கேமராதான். எந்த மாடல், எந்த லென்ஸ் என்று இரவு முழுக்க விவாதம் நடக்கும். சாப்பாட்டுக்கு ஒரே வரி, அனுமதிக்கு அந்த வரிகூட இருக்காது. ஆனால் ஷூட்டிங் பாதியில் நின்றுபோனால் அதற்குக் காரணம் அநேகமாக அந்த எழுதாத வரியாகத்தான் இருக்கும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். சென்னையில் ஒரு கல்லூரி. 12 நிமிடக் கதை, இரண்டு நாள் படப்பிடிப்பு. முதல் நாள் ஒரு வீடு, இரண்டாம் நாள் ஒரு டீக்கடை. நடிகர்களையும் சேர்த்து 16 பேர். கழகத்திடம் இருப்பது 40,000 ரூபாய். கீழே வரும் தொகைகள் உதாரணத்துக்காக வைத்தவை. கடைக்குக் கடை, சீசனுக்கு சீசன் மாறும்.

வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. மிரர்லெஸ் கேமராவும் இரண்டு லென்ஸும் நாளுக்கு 4,500, ட்ரைபாட் 500, ஸ்டாண்டோடு இரண்டு எல்இடி லைட் 2,000, ரெக்கார்டரும் மைக்கும் 1,500 என்று வைப்போம். நாளுக்கு 8,500, இரண்டு நாளுக்கு 17,000. கடைக்காரர் போனில் சொல்லும் விலை இவ்வளவுதான். பில் கேட்டால் 18 சதவீத ஜிஎஸ்டி ஏறும், அது 3,060. பில் வேண்டாம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது, பில் இல்லாத செலவைக் கல்லூரி அக்கவுண்ட்ஸ் ஆபீஸ் திருப்பித் தராது. பெரிய லைட் எடுத்தால் கூடவே லைட்மேன் வருவார், அவருடைய பேட்டா தனி. இந்த இரண்டையும் முதல் போனிலேயே கேட்டுவிட வேண்டும்.

மாணவர்கள் கேட்க மறக்கும் இன்னொன்று, ஒரு நாள் வாடகை என்றால் எப்போதிலிருந்து எப்போது வரை என்பது. முந்தைய நாள் மாலை கொடுத்து அடுத்த நாள் இரவு வாங்கிக்கொள்ளும் கடை உண்டு. காலை ஆறு மணிக்குக் கொடுத்து, இரவு பத்தைத் தாண்டினால் இன்னொரு நாள் வாடகை போடும் கடையும் உண்டு. அசல் அடையாள அட்டையும் துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதமும் கேட்பார்கள். பொருளை வாங்கும்போது பேட்டரி, கேபிள், லென்ஸ் மூடி வரை எண்ணிப் பார்த்து, லென்ஸ் கண்ணாடியை வெளிச்சத்தில் காட்டி செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே இருந்த கீறலுக்குக் காசு கேட்டால் காட்டுவதற்கு அந்த வீடியோ மட்டும்தான் இருக்கும்.

மற்ற செலவுகளுக்கு வருவோம். சாமான் ஏற்ற குட்டி யானை நாளுக்கு 1,500. வெளியிலிருந்து வரும் இரண்டு நடிகர்களுக்குப் போக்குவரத்தும் பேட்டாவும் சேர்த்து நாளுக்கு 1,500. வீட்டுக்காரருக்குக் கரண்ட் பில்லுக்கும் சுத்தம் செய்யவும் 2,000. டீக்கடைக்காரருக்கு அரை நாள் வியாபாரம் போவதற்கு 2,000. உடை, பொருட்களுக்கு 3,000, ஹார்ட் டிஸ்க் 5,500.

சாப்பாட்டை ஆள் கணக்கில் போட வேண்டும். காலை டிபன் 60, மதியச் சாப்பாடு 120, இரண்டு வேளை டீயும் வடையும் 40. ஒருவருக்கு 220 வீதம் 16 பேருக்கு 3,520, வாட்டர் கேனுக்கு 80. ஆக நாளுக்கு 3,600.

மொத்தம் கூட்டினால் ஜிஎஸ்டியோடு 45,760. இருப்பதைவிட 5,760 அதிகம். இந்த இடத்தில் எல்லோருடைய கண்ணும் சாப்பாட்டின் மேல்தான் போகும். போக வேண்டியது வேறு பக்கம். கருவி, சாப்பாடு, வண்டி, இடம், நடிகர் எல்லாம் சேர்த்தால் ஒரு நாள் ஷூட்டிங்குக்கு ஏறக்குறைய 17,000 ஆகிறது. 12 மணி நேர கால்ஷீட் என்றால் மணிக்கு 1,400 ரூபாய். 120 ரூபாய்ச் சாப்பாட்டை 70 ரூபாய்ப் பொட்டலமாக்கினால் 16 பேருக்கு மிச்சமாவது 800. பசியோடு நிற்கும் யூனிட் பிற்பகலில் ஒரு மணி நேரம் தாமதித்தாலே அது போய்விடும். பொட்டலத்துக்கு ஒரு நியாயம் உண்டு, காசு அல்ல, நேரம். இலை போட்டுச் சாப்பிட்டால் முக்கால் மணி நேரம் பிடிக்கும், தயிர்சாதமும் புளிசாதமும் இருபது நிமிடத்தில் முடியும். பிரியாணி கடைசி நாள் பேக்-அப்புக்குப் பிறகுதான். மத்தியானம் போட்டால் அடுத்த ஷாட்டுக்குப் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள்.

அனுமதிக் கடிதத்தின் விலையும் இந்த 1,400-ஐ வைத்துப் பார்த்தால்தான் புரியும். தெருவோர டீக்கடையில் ட்ரைபாட் போட்டால் கூட்டம் கூடும், போலீஸ் வந்து யார் அனுமதி கொடுத்தது என்று கேட்பார்கள். கல்லூரி முதல்வரின் கடிதம், தேதி, நேரம், இடம், ஆட்களின் எண்ணிக்கை எல்லாம் எழுதி அந்த எல்லைக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்கியிருந்தால் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிய வாய்ப்புண்டு. இல்லையென்றால் மூன்று மணி நேரம், அதாவது 4,200 ரூபாய். கடை வாசலில் எடுக்கக் கடைக்காரர் சம்மதம் போதும் என்று நினைக்கிறார்கள்; அவர் சம்மதம் கடைக்குள் மட்டும்தான் செல்லும், வெளியே இருப்பது பொதுச் சாலை.

கதையில் ரயில் பிளாட்பாரக் காட்சி இருந்தால், ரயில்வேயின் மக்கள் தொடர்பு அதிகாரி வழியாக முன் அனுமதி வாங்க வேண்டும், கதைச் சுருக்கமும் கேட்பார்கள். பிளாட்பார டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய் எடுத்துவிடலாம் என்பது நடக்காத காரியம். ட்ரோன் ஷாட்டுக்கும் இதே கதை. 2021 ட்ரோன் விதிகளின்படி விமான நிலையத்தைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. மீனம்பாக்கத்தைச் சுற்றி எத்தனை கல்லூரிகள் இருக்கின்றன என்று யோசித்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியிலிருந்து எடுத்தாலே போதும் என்பது என் கட்சி.

டீக்கடை ரேடியோவையும் கவனிக்க வேண்டும். பின்னால் பழைய சினிமாப் பாட்டு ஓடினால் காட்சிக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் வசனத்தோடு பதிவான பாட்டை எடிட்டிங்கில் சுத்தமாகப் பிரிப்பது கஷ்டம். உரிமை வாங்காத பாட்டோடு படத்தைப் போட்டிகளுக்கு அனுப்பினால் திருப்பிவிடலாம். ரேடியோவை அணைக்கச் சொல்லிவிட்டு எடுப்பதே உத்தமம்.

சரி, 5,760 எங்கே குறைவது? திரைக்கதையில்தான். டீக்கடைக் காட்சியை ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில் கல்லூரி கேன்டீன் வாசலுக்கு மாற்றினால், கடைக்காரருக்கான 2,000, அன்றைய வண்டி 1,500, ஜிஎஸ்டியோடு லைட் வாடகை 2,360, எல்லாமாக 5,860 நின்றுவிடும். வெளிச்சத்தைத் திருப்ப ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டை போதும். போலீஸ் கடிதத்துக்குப் பதில் முதல்வரின் கையெழுத்தே போதுமானது. ஆட்களை 13 ஆக்கினால் சாப்பாட்டில் 1,320 குறையும். எந்த யூனிட்டிலும் வேடிக்கை பார்க்க மட்டும் மூன்று பேர் வருவார்கள், யாரென்று எல்லோருக்கும் தெரியும். உடைகளை வீட்டிலிருந்து கொண்டுவந்தால் இன்னும் 1,500. மொத்தம் 37,080. மீதி 2,920-ஐ எதற்கும் ஒதுக்காமல் விட்டுவைக்க வேண்டும். உடையும் பேட்டரி மூடியும், திடீரென்று ஆட்டோ பிடிக்கும் செலவும் அதிலிருந்துதான் போகும்.

ஹார்ட் டிஸ்க்கில் கை வைக்கக் கூடாது. அன்றன்றைய பதிவை அதில் ஒன்றும், யாராவது ஒருவரின் லேப்டாப்பில் ஒன்றுமாக இரண்டு பிரதி ஏற்றிச் சரிபார்த்த பிறகே மெமரி கார்டை அழிக்கலாம். ஒரு நாள் பதிவு போனால் இன்னொரு 17,000 தேட வேண்டும்.

கல்லூரி அந்த 40,000-ஐ முன்பணமாகத் தருமா, பில் கொடுத்த பிறகு தருமா என்று ஷூட்டிங் தேதி குறிப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பிந்தையது என்றால் யார் கையிலிருந்து முதலில் போடுவது என்பதையும் அன்றே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். ஹோட்டலில் தரும் சின்ன மெஷின் பில்லில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, பின்பக்கம் எத்தனை பேர் சாப்பாடு என்று எழுதி வைத்தால் ஆடிட்டர் கேட்கும்போது தேட வேண்டியிருக்காது.