கோல்டு இடிஎஃப்: ஒரு வருஷம் காத்திருந்ததால கட்டின 13,000 ரூபாய்

இன்னைக்கு எபிசோட் நான் பண்ணின ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்குது.

என் மாமா பையன் அவிநாசில இருக்கான். திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர், வருஷ சம்பளம் 9 லட்சம். 2024 அக்டோபர் கடைசில 1,80,000 ரூபாய்க்கு கோல்டு இடிஎஃப் வாங்கினான். இந்த தீபாவளிக்கு முன்னாடி கூப்பிட்டு, "வீட்லயே தையல் யூனிட் போடறோம், ஓவர்லாக் மெஷின் வாங்கணும், தங்கத்தை வித்துடட்டுமா?"ன்னு கேட்டான். "கொஞ்சம் பொறு மாப்ள, ஒரு வருஷம் தாண்டட்டும், டேக்ஸ் கம்மியாகும்"னு சொன்னது நான்தான். நவம்பர்ல வித்தான். லாபம் சரியா 1 லட்சம். அதுக்கு வர்ற வரி 13,000 ரூபாய். அக்டோபர்லயே வித்திருந்தா? பூஜ்யம்.

எப்படின்னு பாப்போம்.

ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்ல லிஸ்ட் ஆன பாண்ட், டிபெஞ்சர், கோல்டு இடிஎஃப் மூணுக்கும் இப்ப ஒரே கோடுதான்: 12 மாசம். 12 மாசத்துக்கு மேல வச்சிருந்து வித்தா லாபம் லாங் டெர்ம். வரி 12.5 சதவீதம், அது மேல 4 சதவீத செஸ். அதுக்குள்ள வித்தா ஷார்ட் டெர்ம், அந்த லாபம் உங்க சம்பளத்தோட சேர்ந்து ஸ்லாப் ரேட்ல போகும். ஷேருக்கு கிடைக்கற 1.25 லட்சம் விலக்கு இதுக்கெல்லாம் கிடையாது. நிறைய பேர் இங்கதான் ஏமாறாங்க.

கோல்டு இடிஎஃப் இந்தக் கோட்டுக்குள்ள வந்ததே 2025 ஏப்ரல் 1-ல இருந்துதான். 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வாங்கி 2025 மார்ச்சுக்குள்ள வித்தவங்களுக்கு, எத்தனை மாசம் வச்சிருந்தாலும் ஸ்லாப் ரேட்தான். பழைய வீடியோக்கள்ல அந்தக் கணக்கே இன்னும் ஓடிட்டிருக்கு.

இப்ப என் தப்புக்கு வரேன். நான் என் ஸ்லாப்பை வச்சு யோசிச்சேன். நான் 30 சதவீதத்துல இருக்கேன். எனக்கு அந்த 1 லட்சம் ஷார்ட் டெர்ம்னா வரி 31,200, லாங் டெர்ம்னா 13,000. காத்திருந்தா 18,200 மிச்சம். ஆனா அவன் கணக்கு வேற.

சம்பளம் 9 லட்சத்துல ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75,000 போக 8.25 லட்சம். புது ரெஜிம்ல 12 லட்சம் வரைக்கும் ரிபேட் இருக்கறதால சம்பளத்துக்கு வரி இல்ல. அக்டோபர்ல வித்திருந்தா அந்த 1 லட்சமும் சாதாரண வருமானம் மாதிரி சேர்ந்து 9.25 லட்சம் ஆகியிருக்கும். ஸ்லாப் படி 32,500 வரி, அது முழுக்க ரிபேட்ல போயிருக்கும். ஆனா 12.5 சதவீதம்ங்கறது தனி ரேட். 2025-26-ல இருந்து தனி ரேட்ல வர்ற வரியை ரிபேட் தொடாது. அதனால வரி 12,500, செஸ் 500, கட்டித்தான் ஆகணும். விலை ரெண்டு மாசத்துலயும் கிட்டத்தட்ட ஒரே ரேஞ்ச்லதான் இருந்துச்சு, அதனால காத்திருந்ததுக்கு வேற லாபமும் இல்ல.

இது எல்லாருக்கும் பொருந்தாது. லாபத்தையும் சேர்த்து 12 லட்சத்தைத் தாண்டிட்டா ரிபேட் போயிடும், அப்ப கணக்கு தலைகீழா மாறலாம். வேற வருமானமே இல்லாத அம்மா பேர்ல இருந்தா, லாங் டெர்ம் லாபமா இருந்தாலும் 4 லட்சம் அடிப்படை வரம்புக்குள்ள அடங்கினா வரி வராது.

பாண்டுக்கும் இதே லாஜிக்தான், ஆனா ஒரு விஷயம்: வட்டி எப்பவுமே ஸ்லாப்லதான். 12 மாசக் கணக்கு வாங்கின விலைக்கும் வித்த விலைக்கும் நடுவுல இருக்கற லாபத்துக்கு மட்டும். லிஸ்ட் ஆகாத பாண்ட், டிபெஞ்சர்னா 2024 ஜூலை 23-க்கு அப்புறம் வித்தா, எவ்வளவு நாள் வச்சிருந்தாலும் ஸ்லாப்தான். மார்க்கெட் லிங்க்டு டிபெஞ்சர் லிஸ்ட் ஆகியிருந்தாலும் அதே கதை. ஆப்ல "ஹை யீல்டு"ன்னு காட்டறதை வாங்கறதுக்கு முன்னாடி இதைப் பாத்துக்கங்க. அதே மாதிரி மியூச்சுவல் ஃபண்ட் ஆப்ல வாங்கற கோல்டு ஃபண்ட் வேற, டீமேட்ல இருக்கற கோல்டு இடிஎஃப் வேற. அந்த ஃபண்டுக்கு கோடு 24 மாசம்.

மாச மாசம் வாங்கறவங்க இன்னொண்ணு கவனிக்கணும். ஒரு டீமேட்ல முதல்ல வாங்கின யூனிட்தான் முதல்ல வித்ததா கணக்கு. ஆப் சராசரி விலையைக் காட்டும், வரிக்கு அது உதவாது. டேக்ஸ் ரிப்போர்ட்டை டவுன்லோட் பண்ணி ஒவ்வொரு லாட்டோட தேதியும் பாக்கணும்.

மாமா பையன்கிட்ட 2025 மே மாசம் வாங்கின யூனிட் கொஞ்சம் மிச்சம் இருக்கு, லாபம் ஒரு 40,000. பழசெல்லாம் வித்தாச்சு, அதனால இனி போறது இதுதான். இதை மார்ச் 31-க்குள்ள வித்தா ஷார்ட் டெர்ம், மொத்தம் 9.65 லட்சம், ரிபேட்டுக்குள்ள அடங்கிடும். "இந்த தடவை நானே கணக்குப் போட்டுக்கறேன்"னுட்டான்.