ஊசலாடும் குண்டும் இரண்டு வரி எழுத்தும்

பள்ளி ஆய்வகத்தில் தனி ஊசல் செய்யாதவர்கள் குறைவு. நூலில் கட்டிய குண்டை ஆடவிட்டு, இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளும் சோதனை அது. ரெக்கார்டு நோட்டைத் திறந்தால் முதல் பக்கத்தில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "நோக்கம்: ஊசலைப் பற்றி ஆராய்தல். கருதுகோள்: நீளம் மாறினால் அலைவு நேரமும் மாறும்." இந்த இரண்டு வரியிலும் பொய்யில்லை. ஆனால் இவற்றைச் சோதிக்க வழியே இல்லை என்பதுதான் சிக்கல். நேரம் கூடினாலும் குறைந்தாலும் "மாறும்" என்பது சரியாகிவிடும். எந்த விடை வந்தாலும் தோற்காத கூற்றைச் சோதித்துப் பார்ப்பதில் பயனில்லை.

நோக்கத்தை முதலில் திருத்துவோம். எதை மாற்றப்போகிறோம், எதை அளக்கப்போகிறோம், எதை மாறாமல் வைக்கப்போகிறோம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். "தனி ஊசலின் நீளத்தை 40 செ.மீ. முதல் 120 செ.மீ. வரை மாற்றி, ஒவ்வொரு நீளத்துக்கும் அலைவு நேரத்தை அளந்து, இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் காணல். குண்டு ஒன்றே, விலக்கும் கோணம் 10 பாகைக்குள்." இதைப் படிக்கும் வேறொரு மாணவர் அதே சோதனையை மறுபடி செய்துவிடலாம். "நிரூபித்தல்" என்ற சொல்லை மட்டும் நோக்கத்தில் எழுதாதீர்கள். அந்தச் சொல் விடையை முன்பே முடிவுசெய்துவிடுகிறது.

அந்த 10 பாகை எங்கிருந்து வந்தது? கொள்கையிலிருந்துதான். பாடநூல் தரும் சமன்பாடு, கோணம் சிறியதாக இருக்கும்போது மட்டுமே பொருந்தும். 10 பாகையில் பிழை ஆயிரத்தில் இரண்டு பங்குதான். 30 பாகை விலக்கினால் நேரம் ஏறக்குறைய 1.7 விழுக்காடு கூடிவிடும்.

இனி கருதுகோள். சமன்பாட்டை இப்படி மாற்றி எழுதிக்கொள்ளலாம்:

T² = (4π²/g) l

l நீளம், T ஒரு அலைவின் நேரம், g புவியீர்ப்பு முடுக்கம். நேரத்தின் வர்க்கத்துக்கும் நீளத்துக்கும் வரைபடம் வரைந்தால் என்ன கிடைக்கும் என்பதை இந்த ஒரு வரியே சொல்லிவிடுகிறது. ஆகவே கருதுகோளை இப்படி எழுதலாம்: "T²-க்கும் l-க்கும் வரையும் வரைபடம் நேர்கோடாக இருக்கும், அது ஆதிப்புள்ளி வழியே செல்லும், g-யின் மதிப்பு 9.8 மீ/வி² என்பதால் கோட்டின் சாய்வு மீட்டருக்கு 4.03 வி² அளவில் இருக்கும்."

இதில் மூன்று கூற்றுகள் இருக்கின்றன. மூன்றும் சமன்பாட்டிலிருந்து வந்தவை, ஒவ்வொன்றும் தனித்தனியே தோற்கக்கூடியவை. இதன் பயன் சோதனை பிசகும்போதுதான் தெரியும்.

ஒரு மாணவி நூலைக் கொக்கி வரை மட்டும் அளந்தார் என்று வைத்துக்கொள்வோம். குண்டின் மையம் அதற்கு 2 செ.மீ. கீழே இருக்கிறது. எல்லா நீளங்களிலும் அதே 2 செ.மீ. விடுபடுவதால் கோடு நேராகவே வரும், சாய்வும் சரியாகவே இருக்கும். ஆனால் கோடு ஆதிப்புள்ளியை விட்டு 0.08 வி² மேலே ஏறி நிற்கும். "ஆதிப்புள்ளி வழியே" என்று எழுதியிருந்தால்தான் அந்த விலகல் அவர் கண்ணில் படும்.

இன்னொரு மாணவர் குண்டை விடும் கணத்திலேயே "ஒன்று" என்று எண்ணத் தொடங்குகிறார். "இருபது" என்னும்போது உண்மையில் முடிந்திருப்பது 19 அலைவுகள். இங்கே கோடு நேராக, ஆதிப்புள்ளி வழியாகவே செல்லும். சாய்வு மட்டும் 3.64-க்கு இறங்கி, g ஏறக்குறைய 10.9 என்று வரும். இந்தப் பிழையைக் காட்டிக்கொடுப்பது 4.03 என்ற எண். "சுழியம்" என்று தொடங்கி எண்ணினால் தீர்ந்துவிடும்.

"நீளம் கூடினால் நேரம் கூடும்" என்று மட்டும் எழுதியிருந்தால் இருவரின் அளவுகளும் அதற்கு ஒத்துப்போயிருக்கும். பிழை இருந்ததே தெரிந்திருக்காது.

எவ்வளவு விலகினால் கருதுகோள் தோற்றது என்பதையும் முன்பே குறித்துவிடுவது நல்லது. ஸ்டாப்வாட்ச்சை அழுத்துவதில் 0.2 விநாடி பிசகலாம். ஒரு மீட்டர் ஊசலின் இருபது அலைவுகளுக்கு 40 விநாடி ஆகும். ஆக நேரத்தில் அரை விழுக்காடு, T²-ல் ஒரு விழுக்காடு பிழை. 3.9-க்கும் 4.15-க்கும் இடையில் சாய்வு வந்தால் ஏற்கலாம் என்பது தாராளமான எல்லைதான். அதற்கு வெளியே வந்தால் கருதுகோளை அழித்துத் திருத்தாதீர்கள். அதை அப்படியே விட்டுவிட்டு, எங்கே பிசகியது என்பதை அடுத்த பக்கத்தில் எழுதுங்கள். கருதுகோளைக் குண்டை ஆடவிடும் முன்பே பேனாவால் எழுதி, தேதியும் போட்டுவிடுங்கள்.