பிழை எந்தக் கட்டத்தில்?

பழைய அறிக்கைகளில் உள்ள எண் அட்டவணைகளைக் கணினியில் ஏற்றும்போது 6 என்பது 8 ஆகிவிடும், 1 என்பது 7 ஆகிவிடும். ஸ்கேன் செய்த பக்கத்தை மென்பொருள் படித்தாலும், ஒருவர் பார்த்துத் தட்டச்சு செய்தாலும் இது நடக்கும். சொல்லில் பிழை வந்தால் உடனே கண்ணில் படும். எண்ணில் அப்படிப் படாது. 462 இருக்க வேண்டிய இடத்தில் 482 இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் வரிசை மொத்தமும் பத்தி மொத்தமும் அட்டவணையிலேயே இருந்தால், தவறு எந்தக் கட்டத்தில் என்று கண்டுபிடித்துவிடலாம். அங்கே இருக்க வேண்டிய எண்ணும் கிடைத்துவிடும்.

டைட்டானிக் கப்பல் மூழ்கியதை 1912-இல் பிரிட்டனில் மெர்சி பிரபு தலைமையில் விசாரித்தார்கள். அந்த அறிக்கையின்படி கப்பலில் இருந்தவர்கள் 2201 பேர். அதன் எண்களை வைத்துப் போட்ட அட்டவணை இது. இதில் ஒரு எண்ணை மட்டும் தவறாகப் படித்ததாக வைத்துக்கொள்வோம்.

| | ஆண்கள் | பெண்கள் | குழந்தைகள் | மொத்தம் |
|---|---|---|---|---|
| முதல் வகுப்பு | 175 | 144 | 6 | 325 |
| இரண்டாம் வகுப்பு | 168 | 93 | 24 | 285 |
| மூன்றாம் வகுப்பு | 482 | 165 | 79 | 706 |
| பணியாளர் | 862 | 23 | 0 | 885 |
| மொத்தம் | 1667 | 425 | 109 | 2201 |

முதலில் ஒவ்வொரு வரிசையையும் கூட்டி, பக்கத்தில் உள்ள மொத்தத்தோடு ஒப்பிட வேண்டும். மூன்றாம் வகுப்பைத் தவிர எல்லாம் சரியாக வரும். அதில் மட்டும் 482, 165, 79 சேர்ந்து 726 ஆகிறது. அட்டவணையில் இருப்பது 706. ஆக, 20 கூடுதல். இப்போதைக்கு வரிசைதான் தெரியும். 165 என்பது 145 ஆக இருந்திருக்கலாம், 79 என்பது 59 ஆக இருந்திருக்கலாம்.

அடுத்து பத்திகள். பெண்கள், குழந்தைகள் பத்திகள் சரியாக இருக்கின்றன. ஆண்கள் பத்தி மட்டும் 1687 ஆகிறது. இருக்க வேண்டியது 1667. இங்கேயும் 20 கூடுதல். அந்த வரிசையும் இந்தப் பத்தியும் சந்திக்கும் கட்டம் 482. அதில் 20-ஐக் கழித்தால் 462.

சந்திக்கும் இடத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரே தொகை, ஒரே திசையில் விலகியிருக்கிறதா என்பதுதான் முக்கியம். வரிசையில் 20 கூடி, பத்தியில் 17 கூடியிருந்தால் பிழை ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்று பொருள். விலகலைப் பார்த்தால் காரணமும் ஓரளவு புலப்படும். இங்கே 20 என்றால் பத்தாம் இடத்து இலக்கம் இரண்டு கூடியிருக்கிறது: 6 என்பது 8 ஆகியிருக்கிறது. மங்கிய அச்சில் இந்த இரண்டும் எளிதில் குழம்பும். விலகல் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், 462-ஐ 426 என்று இலக்கம் மாற்றி எழுதிவிட்டார்களா என்று பார்ப்பது கணக்கர்களின் பழைய வழக்கம்.

எக்ஸெலில் இதைச் செய்ய, வரிசைக்கும் பத்திக்கும் ஒவ்வொரு சூத்திரம் போதும். முதல் எண் B2-இல் இருந்தால்:

```
=SUM(B2:D2)-E2
=SUM(B2:B5)-B6
```

சூத்திரத்தை மற்ற வரிசைகளுக்கும் பத்திகளுக்கும் இழுத்துவிட்டால், எங்கே 0 வரவில்லையோ அங்கே தேடலாம்.

ஒரு வரிசை மட்டும் விலகி, எல்லாப் பத்திகளும் சரியாக இருந்தால், பெரும்பாலும் தவறாகப் படித்தது அந்த வரிசையின் மொத்தத்தைத்தான். 285-ஐ 265 என்று படித்தால் இப்படி ஆகும். அப்போது வலது ஓரத்து மொத்தங்களைக் கீழ்நோக்கிக் கூட்டுங்கள். 2201-க்கு 20 குறைந்தால் சந்தேகம் உறுதியாகிவிடும். கடைசிப் பத்தியைப் பலரும் கூட்டிப் பார்ப்பதில்லை. அதையும் கூட்ட வேண்டும்.

இரண்டு கட்டங்கள் தவறினால் நிலைமை சிக்கலாகும். 482-உடன், முதல் வகுப்புப் பெண்கள் 144 என்பதையும் 164 என்று படித்துவிட்டதாகக் கொள்ளுங்கள். இரண்டு வரிசைகளிலும் இரண்டு பத்திகளிலும் 20 கூடும். முதல் வகுப்பு ஆண்களும் மூன்றாம் வகுப்புப் பெண்களும் தவறியிருந்தாலும் இதே விலகல்தான் வரும். இந்த இரண்டில் எது நடந்தது என்று மொத்தங்களால் சொல்ல முடியாது. பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். விலகல்கள் வேறுவேறாக, ஒன்று 20, இன்னொன்று 5 என்று இருந்தால் தொகையை வைத்தே ஜோடி சேர்த்துவிடலாம்.

முழு எண்களுக்கு மாற்றிய சதவீத அட்டவணைகளில் இந்த முறையை அப்படியே பயன்படுத்த முடியாது. அங்கே மொத்தம் 99, 101 என்று வருவது வழக்கம். ஒன்றிரண்டு விலகினால் பிழை என்று சொல்ல முடியாது.

கட்டத்தைக் கண்டுபிடித்த பிறகு மூலப் பக்கத்தில் அந்த ஒரு எண்ணையாவது பார்த்துவிட வேண்டும். அங்கே 462 என்றிருந்தால் திருத்திவிடலாம். அங்கேயும் 482 என்றே அச்சாகியிருந்தால், பிழை அச்சுக்கோத்தவருடையதாகவோ கணக்கெடுத்தவருடையதாகவோ இருக்கலாம். அப்போது அந்த எண்ணை அப்படியே விட்டு, மொத்தங்களின்படி 462 வர வேண்டும் என்று பக்கத்தில் குறிப்பு எழுதி வைப்பதே முறை.