காகிதத்துக்காகப் பிறந்த குளிர்

சிவகாசியில் ஆஃப்செட் ஓட்டுபவரிடம் மழைக்காலத்தைப் பற்றிக் கேட்டால், முதலில் ரிஜிஸ்டரைப் பற்றித்தான் பேசுவார். படத்தின் நீலம் ஓரிடத்திலும் சிவப்பு அதற்கு மயிரிழை தள்ளியும் விழுந்தால் ரிஜிஸ்டர் போய்விட்டது என்று பொருள். முகத்துக்கு இரண்டு உதடு வந்துவிடும். இந்தத் தொல்லையிலிருந்துதான் ஏ.சி. பிறந்தது. மனிதருக்கு வியர்த்ததால் அல்ல, காகிதம் ஊறியதால்.

1902-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் என்ற லித்தோ அச்சகம் இருந்தது. ‘ஜட்ஜ்’ என்ற நகைச்சுவை இதழின் வண்ணப் பக்கங்கள் அங்கே அச்சாயின. அன்றைய முறையில் ஒரு நிறம் ஓட்டி, காயவைத்து, அதே தாளை மறுபடி கொடுத்து அடுத்த நிறம் ஓட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவே நாள் கடந்துவிடும். நேற்று வெயில், இன்று மழை என்றால் தாளின் அளவே மாறியிருக்கும். காகிதம் மரநார்களால் ஆனது. நார் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துப் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். அந்த மாற்றம் நாரின் நீளவாக்கில் குறைவு, குறுக்குவாக்கில் அதிகம். ஒரு மீட்டர் அகலத் தாள் ஆயிரத்தில் ஒரு பங்கு விரிந்தாலே ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போகும். கண்ணுக்குப் பூவும் காம்பும் தனித்தனியாகத் தெரிய அது போதும்.

அச்சகத்தின் ஆலோசகப் பொறியாளர் இந்தச் சிக்கலைப் பஃபலோ ஃபோர்ஜ் என்ற கம்பெனியிடம் கொண்டுபோனார். விசிறியும் வெப்பமூட்டும் சாதனங்களும் செய்த கம்பெனி அது. வேலை வில்லிஸ் கேரியர் என்ற 25 வயது இளைஞரிடம் வந்தது. கல்லூரியை விட்டு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அவருக்குக் கொடுக்கப்பட்ட இலக்கைக் கவனியுங்கள்: ஆண்டு முழுவதும் அறைக் காற்றின் ஈரப்பதம் 55 சதவீதத்தில் நிற்க வேண்டும். வெப்பநிலை குளிர்காலத்தில் சுமார் 21 டிகிரியாகவும் கோடையில் சுமார் 27 டிகிரியாகவும் இருந்தால் போதும். கோடையில் 27 டிகிரி! இன்றைய அலுவலகத்தில் அப்படி வைத்தால் ரிமோட்டுக்கு அடிதடி நடக்கும். குளிர்ச்சியை அங்கே யாரும் கேட்கவே இல்லை.

கேரியர் முதலில் உப்பைத்தான் நாடினார். கால்சியம் குளோரைடு ஈரத்தை இழுக்கும் உப்பு. அதன் கரைசலில் நனைந்த சாக்குத் துணியின் வழியே காற்றைச் செலுத்திப் பார்த்தார். காற்று காய்ந்தது உண்மை. ஆனால் உப்பையும் கூடவே சுமந்துகொண்டு வந்தது. இரும்பு இயந்திரங்கள் நிறைந்த கூடத்தில் உப்புக் காற்றை விடுவது எவ்வளவு பெரிய வினை என்பதைக் கடற்கரை ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வழி, நாம் தினமும் பார்ப்பதுதான். குளிர்ந்த மோர் ஊற்றிய சொம்பின் வெளிப்புறம் வியர்க்கிறதே, அந்த நீர் காற்றிலிருந்து வந்தது. சூடான காற்று நிறைய நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்றால் தாங்க முடியாது, மிஞ்சியதைக் கொட்டிவிடும். அப்படிக் கொட்டத் தொடங்கும் வெப்பநிலையே பனிநிலை. அறையைச் சூடாக்க நீராவி ஓடும் குழாய்ச் சுருளில் குளிர்ந்த நீரை ஓடவிட்டு, அதன்மேல் காற்றை ஊதினால் ஈரம் குழாயிலேயே படிந்து வடிந்துவிடும் அல்லவா?

கணக்கு எப்படி என்று பார்ப்போம். வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். அச்சகம் கேட்ட 27 டிகிரி, 55 சதவீதத்தில் இருக்க வேண்டியது சுமார் 14 கிராம். ஆக, கன மீட்டருக்குப் பத்து கிராமை எடுத்தாக வேண்டும். அதற்குக் காற்றை ஏறக்குறைய 17 டிகிரிக்கு இறக்க வேண்டும். ஆனால் அங்கேயே நிறுத்தினால் காரியம் கெட்டது. 17 டிகிரியில் அந்தக் காற்றின் ஈரப்பதம் நூறு சதவீதம். தாங்கும் அளவுக்கு நிரம்பி நிற்கிறது. அதைத் திரும்ப 27 டிகிரிக்குச் சூடேற விட்டால்தான் அதே 14 கிராம் 55 சதவீதமாகும். குளிர்ச்சி வடிகட்டி மட்டுமே. வேலை முடிந்ததும் அதை விட்டுவிடலாம்.

1902 ஜூலை 17 தேதியிட்டு வரைபடம் தயாரானது. ஒரு சுருளில் கிணற்று நீர், இன்னொன்றில் அம்மோனியா இயந்திரத்தின் குளிர்ச்சி. மொத்தத் திறன், ஒரு நாளில் 54 டன் பனிக்கட்டி உருகி இழுக்கும் வெப்பத்துக்குச் சமம். கடையில் நாம் கேட்கும் ‘ஒன்றரை டன் ஏ.சி.’யின் டன்னும் இதே பனிக்கட்டி டன்தான், ஏ.சி.யின் எடை இல்லை. அப்படியானால் அந்த அச்சகத்தில் முப்பத்தாறு வீட்டு ஏ.சி.க்களின் வேலை நடந்திருக்கிறது.

அந்த ஆண்டின் இறுதியில் பிட்ஸ்பர்க் ரயில் நிலைய நடைமேடையில் மூடுபனிக்கு நடுவே நின்றபோது கேரியருக்கு ஒன்று உறைத்தது. மூடுபனி என்பது நீரால் நிரம்பிய காற்று. ஆனால் குளிராக இருப்பதால் அதில் உண்மையில் இருக்கும் நீராவி கொஞ்சம்தான். அப்படியென்றால் செயற்கையாக ஒரு மூடுபனியை உண்டாக்கி, அதன் வெப்பநிலையைக் கையில் வைத்துக்கொண்டால், காற்றில் எத்தனை கிராம் ஈரம் இருக்க வேண்டுமென்று தீர்மானிக்கலாம். குளிர்ந்த நீரைப் பூந்தூறலாகத் தெளித்து அதன் வழியே காற்றை அனுப்பினார். தூறலின் பின்னால் வளைந்து வளைந்து நிற்கும் தகடுகளில் துளிகள் மோதி ஒட்டிக்கொள்ளும், காற்று மட்டும் நழுவிப் போகும். தண்ணீரை வைத்தே காற்றை உலர்த்துவது! 1906 ஜனவரியில் இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

பெயர் வைத்தவர் வேறொருவர். நூல் அறாமல் இருக்க ஆலைக் காற்றுக்கு ஈரம் சேர்த்துவந்த ஸ்டுவர்ட் கிராமர், அதே ஆண்டில் ‘ஏர் கண்டிஷனிங்’ என்றார். நூலைப் பதப்படுத்துவதற்கு ஆலைக்காரர்கள் சொன்ன சொல்லைக் காற்றுக்கு மாற்றினார். அந்தப் பெயரில் குளிருக்கு இடமே இல்லை. நாம்தான் குளிர்சாதனம் என்று வைத்துக்கொண்டோம். ‘காற்றுப் பதனி’ என்றிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும், ஆனால் யாரும் வாங்க மாட்டார்கள்.

பஞ்சாலை, பட்டாலை என்று சில ஆண்டுகள் பொருட்களுக்கே இந்தக் காற்று கிடைத்தது. மனிதர் கூடுமிடத்துக்கு வரத் தடையாக இருந்தது அம்மோனியா. கசிந்தால் மூச்சை அடைக்கும் நச்சு அது, இயந்திரமோ பூதாகரம். 1922-இல் கேரியர் வேறொரு திரவத்தில் இயங்கும், மையவிலக்கு விசையைப் பயன்படுத்தும் சிறிய குளிர்விப்பானைக் காட்டினார். 1925 மே மாத இறுதி விடுமுறையில் நியூயார்க்கின் ரிவோலி தியேட்டரில் அது ஓடத் தொடங்கியது. இயந்திரம் கிளம்பத் தாமதமானதால் கூட்டம் கைவிசிறிகளோடு வீசிக்கொண்டே இருந்தது. பாரமவுண்டின் அடால்ஃப் ஜூக்கர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக விசிறிகள் ஓய்ந்து மடியில் இறங்கின. கோடையில் காலியாகக் கிடந்த கொட்டகைகளுக்கு அதன்பின் கூட்டம் வந்தது. 1928-இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் மைலம் கட்டடம், 21 மாடியும் குளிரூட்டப்பட்ட அலுவலகமாக எழுந்தது.

அச்சகத்தின் கணக்கு வீட்டு ஏ.சி.க்குள்ளும் இருக்கிறது. சின்ன அறைக்கு இரண்டு டன் வாங்கிவிட்டு, ‘சில்லென்று இருக்கிறது, ஆனால் படுக்கை நசநசக்கிறது’ என்பவர்கள் உண்டு. பெரிய இயந்திரம் சில நிமிடங்களில் வெப்பநிலையை இறக்கிவிட்டுத் தானாக நின்றுவிடும். சுருளில் ஈரம் படிந்து வடிய நேரமே கிடைக்காது. 24 டிகிரிதான், ஆனால் காற்று நனைந்த காற்று. புழுக்கமான நாளில் கம்ப்ரசர் அடிக்கடி நின்று நின்று ஓடினால், வெளியே தொங்கும் குழாயை எட்டிப் பாருங்கள். சொட்டு அரிதாக விழுந்தால், பத்து கிராம் கணக்கு உள்ளேயே தங்கிவிட்டது.